கிளம்பும்போது மட்டும் நடுங்குகிற வண்டி

ஓடிக்கொண்டிருக்கும்போது கோளாறு காட்டுகிற வண்டியிடம் எனக்குப் பயம் கிடையாது. கூட உட்கார்ந்து ஒரு சுற்று போய்வந்தால் அது தன் குறையைத் தானே சொல்லிவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் உடம்பெல்லாம் உதறி, நாலடி நகர்ந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி போகிற வண்டி இருக்கிறதே, அதுதான் மெக்கானிக்கின் தூக்கத்தைக் கெடுக்கும். அப்படி ஒரு வண்டி என் தூக்கத்தைக் கெடுத்தது. அது என் அக்காவுடைய வண்டி.

அக்கா பென்னாகரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூல் என்றால் ஒரு சின்ன அறை, ஒரு போர்டு, ஒரு கார். சொல்லிக்கொடுப்பதும் அவளேதான். என் ஒர்க்‌ஷாப் அதே ஊரில், தருமபுரிக்குப் போகிற ரோட்டில். பெண்கள் அவளைத் தேடி வருவார்கள், ஆண் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினால் கை நடுங்குகிறது என்று. அக்கா கத்தமாட்டாள். அந்தக் கத்தலையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்து கொட்டுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சந்தை நாளில் ஒரு விபத்து நடந்தது. அக்காவிடம் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் வண்டியை எடுக்கும்போது கிளட்ச்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டாள். வண்டி ஒரே தாவலாகத் தாவி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெரியவர் மேல் மோதியது. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அவர் எழுந்து நடக்கிறவரைக்கும் அக்கா தினமும் ஆஸ்பத்திரிக்கும் அவர் வீட்டுக்கும் சாப்பாடு கொண்டுபோனாள். அவர் நன்றாகத்தான் இருக்கிறார், சந்தையில் பார்த்தால் அக்காவை நலம் விசாரிக்கிறார். அக்காதான் நன்றாக இல்லை. வண்டி கொஞ்சம் குலுங்கினாலே அவள் முகம் வெளுத்துவிடும்.

அதனால்தான் அவள் வந்து, "தம்பி, வண்டி எடுக்கறப்போ குதிக்குதுடா" என்று சொன்னபோது, மற்றவர்கள் சொன்னால் கேட்கிற மாதிரி என்னால் கேட்க முடியவில்லை.

நானே ஓட்டிப் பார்த்தேன். முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டேன். பெடல் பாதி தூரம் வந்ததும் ஆரம்பித்தது. தடதடவென்று முன்னும் பின்னும் ஒரு உதறல். டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் தலையை ஆட்டினார். கிளட்ச் முழுவதும் பிடித்துக்கொண்டதும் எல்லாம் அடங்கிவிட்டது. இரண்டாவது, மூன்றாவது கியரில் ஒரு குறையும் இல்லை.

டிரைவிங் ஸ்கூல் வண்டிக்கு இது வரக்கூடியதுதான் என்று நினைத்தேன். கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கிளட்ச்சை எவ்வளவு விடுவது என்று தெரியாது. பாதியில் வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள். இன்ஜின் பக்கம் சுற்றுகிற ஃப்ளைவீல் என்கிற இரும்புச் சக்கரமும் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற கிளட்ச் பிளேட்டும் முழுசாகச் சேராமல் ஒன்றின் மேல் ஒன்று தேய்ந்துகொண்டே இருக்கும். பிளேட் சூடாகி, அதன் முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகிவிடும். அப்புறம் அது ஒழுங்காகப் பிடிக்காது. பிடிக்கும், வழுக்கும், பிடிக்கும், வழுக்கும். அதுதான் அந்த உதறல்.

கியர்பாக்ஸை இறக்கினேன். நினைத்தபடியே பிளேட் வழவழத்துக் கிடந்தது. புது பிளேட், புது பிரஷர் பிளேட், புது பேரிங், எல்லாம் போட்டேன். ஃப்ளைவீலை எமரித்தாள் வைத்துத் தேய்த்துவிட்டு மூடினேன். வண்டி வெண்ணெய் மாதிரி கிளம்பியது. அக்கா முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் எனக்கு ஆப்பம் சுட்டுக் கொடுத்தனுப்பினாள்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. சில வாரத்திலேயே போன். "மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சுடா." ஏற்கெனவே வேலை பார்த்த வண்டி அதே குறையோடு திரும்பி வருவது எந்த மெக்கானிக்குக்கும் கசக்கும். அதுவும் அக்கா வண்டி. நான் அவளிடம் எரிந்து விழுந்தேன். உன்னிடம் கற்கிற பிள்ளைகள் வண்டியைக் குப்பையாக்கினால் நான் என்ன பண்ணுவேன், மாசத்துக்கு ஒரு பிளேட் போட்டுக்கொண்டே இருக்கவா என்று கேட்டேன். அவள் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் திருப்பித் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த முறை கியர்பாக்ஸில் கை வைக்கும் முன்னால் இன்ஜினைப் பார்த்தேன். உதறலுக்குக் கிளட்ச்தான் காரணம் என்று எழுதியா வைத்திருக்கிறது? இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங் கிழிந்திருந்தாலும் கிளம்பும்போது வண்டி இப்படித்தான் ஆடும். பானெட்டைத் திறந்து வைத்து, பக்கத்துக் கடைக்காரரை உள்ளே உட்காரச் சொன்னேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சமாக விடச் சொன்னேன். அவர் விட்டதும் இன்ஜின் ஒரு பக்கமாகப் புரண்டது. ரிவர்ஸ் கியரில் அதே மாதிரி செய்யச் சொன்னேன். மறுபக்கம் இன்னும் அதிகமாகப் புரண்டது. எவ்வளவு நல்ல வண்டியிலும் கொஞ்சம் அசையும், ஆனால் இது எழுந்து உட்கார்ந்தது. கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்க மவுண்டிங்கின் ரப்பர் வாயைப் பிளந்திருந்தது.

அப்பாடா என்று இருந்தது. புது மவுண்டிங் மாட்டினேன். வண்டியை எடுத்துப் பார்த்தேன். உதறல் பாதியாகக் குறைந்திருந்தது.

பாதியாகத்தான் குறைந்திருந்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது. நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, புது ரப்பர் செட் ஆகட்டும், சரியாகிவிடும் என்று சொல்லி வண்டியைக் கொடுத்தேன். எனக்கே நான் சொன்ன சமாதானம் அது. அன்றிலிருந்து போன் மணி அடித்தால் அக்காதான் என்று தோன்றும். டயர்க் கம்பெனி விளம்பரப் போன் வந்தாலும் ஒரு நிமிஷம் மூச்சு நின்று வரும்.

உண்மையான போன் ஒரு காலை நேரத்தில் வந்தது. பேசியது அக்கா இல்லை. அவளிடம் கற்றுக்கொள்கிற ஒரு பெண். ஒகேனக்கல் ரோட்டில் ஒரு மேட்டில் நிற்கிறோம், கொஞ்சம் வர முடியுமா, அக்காவுக்கு எதுவும் இல்லை, ஆனால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்றாள். அக்காவுக்கு எதுவும் இல்லை என்று அவள் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. பைக்கை எப்படி எடுத்தேன், எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அக்கா ரோட்டோரம் ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வண்டி மேட்டின் நடுவில் கோணலாக நின்றது. அதன் முன்பக்கத்துக்கு ஒரு முழம் தள்ளி, இளநீர்க் குலைகளோடு ஒரு தள்ளுவண்டி. தள்ளுவண்டிக்காரர் ஒன்றும் ஆகாத குலைகளை எடுத்து எடுத்துத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். மேட்டில் நிறுத்திக் கிளம்புவது எப்படி என்று அக்கா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் கிளட்ச்சை விடும்போது வண்டி தடதடவென்று உதற, அவள் பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டாள். வண்டி தாவி, இன்ஜின் நின்றுவிட்டது. அக்கா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்ததால்தான் ஒரு முழம் மிச்சமிருந்தது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஊர். செண்டுமல்லியும் சாமந்தியும் போடுகிற குடும்பம். புருஷன் வெளியூரில் வேலை. விடிவதற்குள் பூ மூட்டைகள் தருமபுரி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும், அதற்குக் கொழுந்தன் தயவும் வாடகை வண்டிக்காரன் தயவும் வேண்டியிருந்தது. ஒரு சின்ன லோடு வண்டி வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, அதைத் தானே ஓட்டிப் போகலாம் என்று அக்காவிடம் சேர்ந்தவள். வாசலில் வண்டி நிற்க, பூவை இன்னொருத்தன் வண்டியில் ஏற்றி அனுப்புவது அவளுக்கு அவமானமாக இருந்திருக்கும். அடுத்த வாரம் அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"இதோட போதும்டா. இந்த வாட்டி சரியாவலைன்னா வண்டிய வித்துட்டு, ஸ்கூல மூடீட்டு, ஓசூருல எதாவது கம்பெனிக்குப் போயிடறேன். இன்னொருத்தர் காலு என்னால ஒடையக்கூடாது."

என் அக்கா வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள் இல்லை. சொன்னால் செய்துவிடுவாள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது அந்தப் பேச்சு. பூக்காரப் பெண் அவள் தோளைத் தொட்டு, தப்பு என்னுடையதுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வண்டி உதறினதும் தான்தான் ஏதோ தப்பாகச் செய்வதாகத் தோன்றிவிடுகிறதாம், கால் தானாக எடுபட்டுவிடுகிறதாம். கோளாறான வண்டி, கற்றுக்கொள்கிறவளை எப்படி நம்பவைத்திருக்கிறது பாருங்கள். எனக்கு வண்டி மேல் வந்த கோபம் ஒரு பக்கம், என் மேல் வந்த கோபம் ஒரு பக்கம். வண்டியை நானே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் நிறுத்திக் கிளம்பும்போது அந்த உதறல் என் பல்லுக்குள் வந்து உட்கார்ந்தது.

மறுபடியும் கியர்பாக்ஸை இறக்கினேன். புது பிளேட் போட்டது நேற்று மாதிரி இருக்கிறது, அது பல வருஷம் ஓடினது மாதிரி தேய்ந்து, ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது. எண்ணெய் ஒழுகிப் பிளேட்டில் பட்டிருந்தாலும் உதறும். அதனால் இன்ஜின் பின்பக்க ஆயில் சீலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். சுற்றிலும் சுத்தமாகக் காய்ந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை. பிளேட் நடுவில் இருக்கிற ஸ்பிரிங்குகளும் சரியாகவே இருந்தன. அப்புறம் ஃப்ளைவீலைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முகம் முழுக்க நீலம் பாய்ந்த திட்டுகள், சுளுக்குக்குச் சூடு வைத்த தழும்பு மாதிரி. விரலை வைத்துத் தடவினால் அந்தத் திட்டுகள் சுற்றுப்புறத்தைவிட லேசாக மேடாகத் தெரிந்தன.

இதுதான் நான் எமரித்தாள் வைத்துத் தேய்த்து மூடினது. அப்போதே ஆரம்பித்திருக்கும், நிறம்தான் இவ்வளவு ஏறவில்லை. அளவுக்கு மீறிய சூட்டில் அந்த இடங்கள் மட்டும் இறுகி, மற்ற இரும்பைவிடக் கெட்டியாகிவிடும். கெட்டியான இடத்தில் பிளேட் ஒரு மாதிரி பிடிக்கும், மிருதுவான இடத்தில் வேறு மாதிரி பிடிக்கும். ஃப்ளைவீல் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பிடிப்பு ஏறி ஏறி இறங்கும். எத்தனை புது பிளேட் போட்டாலும் உதறல் திரும்பி வரும். லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கடையும் உளி அந்தக் கெட்டித் திட்டுகள் மேல் ஏறித் தாண்டிப் போய்விடும். மேடு மேடாகவே இருக்கும். இதைக் கிரைண்டிங் கல்லில்தான் அரைக்க வேண்டும். சேலத்தில் ஒரு இடத்தில் செய்கிறார்கள், அங்கே கொண்டுபோனேன். வெடிப்பு எதுவும் இல்லையென்று அவர்கள் பார்த்துச் சொன்னால் அரைத்துத் தருவார்கள், வெடிப்பு இருந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்க வேண்டும். நல்லவேளையாக வெடிப்பு இல்லை. திட்டுகள் முழுவதும் மறைகிறவரை அரைத்துக் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் ஃப்ளைவீலை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. இத்தனை சூடு எங்கிருந்து வந்தது? நான் வேறு டிரைவிங் ஸ்கூல் வண்டிகளுக்கும் வேலை பார்க்கிறேன். அங்கேயும் கற்றுக்குட்டிகள்தான் ஓட்டுகிறார்கள். அங்கே கிளட்ச் பிளேட் தேயும், ஆனால் இவ்வளவு சீக்கிரம் யாரும் திரும்பி வந்ததில்லை. அக்காவிடம் வருகிறவர்கள் மட்டும் அப்படி என்ன விசேஷமாகத் தேய்க்கிறார்கள்? காரணம் தெரியாமல் மாட்டினால் இதுவும் சில வாரத்தில் கருகிவிடும். அப்புறம் ஓசூர்தான். அதை நினைத்தால் மடியில் இருந்த இரும்பு இன்னும் கனத்தது.

விடை வண்டிக்குள்ளேயே இருந்தது. கிளட்ச் இணைப்புகளைச் சரிபார்க்க இடது பக்கக் கதவைத் திறந்து குனிந்தேன். சொல்லிக்கொடுக்கிறவர் உட்காருகிற பக்கம். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் அந்தப் பக்கமும் ஒரு கிளட்ச் பெடலும் ஒரு பிரேக் பெடலும் இருக்கும், டிரைவர் பக்கத்துப் பெடல்களோடு ஒரு ராடால் இணைத்திருப்பார்கள். அவசரத்துக்கு மிதிக்கத்தான். பிரேக் பெடலின் ரப்பரில் கோடுகள் புதுசு மாதிரி இருந்தன. கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, நடுவில் ஒரு பாதத்தின் வடிவம் பதிந்திருந்தது. டிரைவர் பக்கத்துக் கிளட்ச் பெடல்கூட அவ்வளவு தேயவில்லை.

நான் கதவோரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வண்டிக்குள் செருப்போடு ஏறமாட்டாள். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் அப்படித்தான், சோறு போடுகிற வண்டி, அதில் செருப்புக் காலோடு ஏறக்கூடாது என்று. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு வெறுங்காலோடு உட்காருவாள். வெறுங்கால் லேசாக இருக்கும். கிளட்ச் மேல் வைத்திருப்பது அவளுக்கே தெரிந்திருக்காது. சந்தை விபத்துக்கு அப்புறம் காலை அங்கேயிருந்து எடுக்கவே இல்லை அவள். வண்டி ஓடும்போதெல்லாம் ஒரு சின்ன அழுத்தம். பிளேட் முழுசாகப் பிடிக்காமல் எப்போதும் ஒரு இழை வழுக்கிக்கொண்டே இருக்கும். கிளம்பும்போது கற்றுக்கொள்கிறவள் கிளட்ச்சை விட, இவள் பயத்தில் கொஞ்சம் அழுத்த, அவள் இன்னும் விட, இவள் இன்னும் அழுத்த. அந்தச் சூடு முழுக்க ஃப்ளைவீல் முகத்தில் இறங்கியிருக்கிறது. அந்த உதறலில்தான் மவுண்டிங் ரப்பரும் கிழிந்திருக்கும்.

பிரித்ததையெல்லாம் திரும்பப் பூட்டினேன். ஃப்ளைவீல் போல்ட்டுகளைக் கம்பெனி சொன்ன இறுக்கத்துக்கு இறுக்கி, அரைத்த முகத்தை விரல் ரேகைகூட இல்லாமல் தின்னர் வைத்துத் துடைத்து, புது பிளேட்டை நடு பார்த்து வைத்து, பிரஷர் பிளேட்டைக் குறுக்கே குறுக்கே சமமாக இறுக்கினேன். தனியாக ஓட்டினேன். சமதளத்தில், மேட்டில், ரிவர்ஸில். ஒரு நடுக்கம் இல்லை. சந்தோஷம் வரவேண்டியது, வரவில்லை. வண்டியைச் சரிசெய்துவிட்டேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது?

சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். சூடு, திட்டு, பெடல் ரப்பர் என்று. அவளுக்குப் புரிந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. முகம் சிவந்துவிட்டது. என் கால் இல்லையென்றால் அந்தத் தள்ளுவண்டிக்காரர் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருப்பார், உனக்கு என்ன தெரியும், கீழே படுத்து ஸ்பேனர் பிடிக்கிறவனுக்கு அந்தச் சீட்டில் உட்காருகிற பயம் என்ன தெரியும் என்று பொரிந்து தள்ளினாள். அன்றைக்குக் காப்பாற்றியது உன் பிரேக் கால், கிளட்ச் கால் இல்லை என்றேன். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். "பயமா இருக்குதுடா, கால எடுத்தா" என்றாள். என் அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் பூக்காரப் பெண்ணின் பாடத்துக்கு நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். அதே ஒகேனக்கல் ரோடு, அதே மேடு. தள்ளுவண்டி அன்றைக்கு இல்லை, அதைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டேன். மேட்டின் நடுவில் அவள் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டாள். பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது.

அக்கா கிளட்ச் பெடலைப் பார்த்தாள். பிறகு இடது காலைத் தூக்கிச் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். வலது கால் மட்டும் பிரேக்குக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல். கதவுக் கைப்பிடியை அவள் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது. நானும் முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் அப்படிப் பிடித்து வண்டி நிற்கவா போகிறது.

பூக்காரப் பெண் முதல் கியர் போட்டாள். கொஞ்சம் ஆக்ஸிலேட்டர். கிளட்ச்சை விட ஆரம்பித்தாள். இன்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கியது, வண்டியின் மூக்கு லேசாக உயர்ந்தது. அந்த இடத்தில்தான் எப்போதும் உதறும். நான் பல்லைக் கடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். ஒரு கணம் வண்டி பின்னால் போகப்போவது போலிருந்தது. அக்காவின் வலது கால் விரல்கள் பிரேக் மேல் போயின, நின்றன, அழுத்தவில்லை. வண்டி அலுங்காமல் மேலே ஏறியது. பின்னால் பஸ் மறுபடியும் ஹார்ன் அடித்தது, நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேட்டின் உச்சியில் ஓரமாக நிறுத்தினாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அக்காவும் சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் அந்தப் பெண் தன் காலைப் பார்த்தாள், சீட்டின் மேல் மடங்கியிருந்த அக்காவின் காலைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாக வடிந்தது.

"அக்கா, அப்பிடின்னா இதுக்கு முன்னாடி ஒரு வாட்டிகூட நான் தனியா எடுக்கலீங்களா?"

அவள் குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அடுத்த வாரம் லைசென்ஸ் கையில் வந்ததும் விடியாத நேரத்தில் பூ மூட்டைகளோடு தனியாக ரோட்டில் இறங்கப்போகிறவள். பக்கத்துச் சீட்டில் யாருடைய காலும் இருக்காது.

என் அக்கா பொய் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். ஒன்றிரண்டு தடவை நீயேதான் எடுத்தாய் என்று சொல்லித் தேற்றியிருக்கலாம். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "இல்லம்மா. இன்னிக்கித்தான்" என்றாள்.

அந்தப் பெண் தலையாட்டினாள். அப்படியானால் இன்னொரு தடவை எடுக்கிறேன் என்று வண்டியைத் திருப்பி, கீழே இறங்கி, மறுபடியும் அதே மேட்டில் நிறுத்தினாள். அதற்கப்புறம் எத்தனை முறை ஏறினோம், இறங்கினோம் என்று நான் கணக்கு வைக்கவில்லை. இரண்டு முறை இன்ஜின் நின்றது. ஒருமுறை பின்னால் உருண்டது, அக்கா பிரேக் போட்டாள், காலை மறுபடியும் மடக்கிக்கொண்டாள். எங்கள் மூவரில் யாரும் யாருக்கும் தைரியம் சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினதும் அக்கா என்னிடம் அந்தப் பக்கத்துக் கிளட்ச் ராடைத் தளர்த்தச் சொன்னாள். முழுசாக மிதித்தால்தான் வேலை செய்ய வேண்டும், சும்மா கால் வைத்தால் ஒன்றும் ஆகக்கூடாது, அந்த அளவுக்கு. நான் கீழே படுத்து நட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். அவள் கதவோரம் நின்று யாருக்கோ போன் செய்தாள். போன வருஷம் லைசென்ஸ் வாங்கிப் போன ஒரு பெண் என்று பேச்சில் தெரிந்தது. வண்டி ஓட்டுகிறாயா என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஏதோ தயக்கமாகச் சொன்னார்கள் போலிருக்கிறது. அக்கா வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பயம் உன்னுது இல்லம்மா, என்னுது" என்றாள். "நாளைக்கி வா. மொதல்ல இருந்து எடுக்கலாம்."

பேசி முடித்து அடுத்த நம்பரைத் தேடினாள்.